ஆடிப்பூரத்துக்கு முழு நிலா தேடியவர்

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மாலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மொட்டை மாடியில், பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த புகைப்படக்காரர் ஒருவர் கேமராவை முக்காலியில் பூட்டிக் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று ஆடிப்பூரம். காலையில் ஆண்டாள் தேரோட்டத்தை மனம் நிறையப் படமெடுத்துவிட்டார். இனி அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: பதினொரு நிலைக் கோபுரத்தின் பக்கத்தில் முழு நிலா எழும் காட்சி. ஏழு மணியாகியும் கிழக்கில் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், மேற்கே நகம் வெட்டிப் போட்டதுபோல் ஒரு பிறை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு, எட்டரைக்குள் அதுவும் இறங்கிவிட்டது.

அவருக்கு முழு நிலா என்று சொன்னவன் நான்தான். மதுரையில் நான்கு அறைகள் கொண்ட தங்குமிடம் ஒன்றை நடத்துகிறேன். வெளிநாட்டு விருந்தினர்களுக்காக அந்தந்த மாதத் திருவிழாக்களை ஆங்கிலத்தில் ஒரு தாளில் அச்சடித்து அறையில் வைப்பது வழக்கம். ஆடிப்பூரம் என்ற இடத்தில், 'தமிழ் மாதமான ஆடியின் ஃபுல் மூன் நாள்' என்று எழுதியிருந்தேன். தைப்பூசம் முழு நிலா, பங்குனி உத்திரம் முழு நிலா. அந்த வரிசையில் ஆடிப்பூரமும் அப்படித்தான் இருக்கும் என்று கை தானாக எழுதிவிட்டது. 'பூரம்' என்ற சொல்லில் ஏதோ 'பூரணம்' ஒலித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வீட்டில் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "அமாவாசை போய் மூன்று நாள்தானே ஆகிறது? முழு நிலா எங்கேயிருந்து வரும்? நாள்காட்டியைக் கிழிக்கிறாயே, படிப்பதில்லையா?" என்றார். நான்காம் தேதி ஆடி அமாவாசைக்கு அவரை ராமேசுவரம் அழைத்துப் போனவனே நான்தான். அந்த அமாவாசையும் இந்தப் பூரமும் ஒரே வாரத்தில் வருகின்றன என்பதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

அன்றைக்குப் பிறகு அந்தத் தாளை முதலிலிருந்து எழுதினேன். முந்தைய தாளில் நான் செய்துவந்தது ஒவ்வொரு பெயருக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடுவது. நம் திருவிழாப் பெயர்களில் பெரும்பாலானவை முகவரிகள் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் பாதி மாதத்தைச் சொல்கிறது. இரண்டாம் பாதி அந்த மாதத்துக்குள் எதைக்கொண்டு நாளைக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் தர வேண்டியது அந்த முகவரியைத்தான்.

ஆடி மாதம் ஒன்றைவைத்தே இதைக் காட்டிவிடலாம். ஆடிப் பதினெட்டு என்றால் மாதத்தின் பதினெட்டாம் தேதி. சூரியக் கணக்கு என்பதால் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வந்து நிற்கும். நிலாவுக்கு அங்கே வேலையில்லை. ஆடி அமாவாசை திதியால் வருவது. ஆடிப்பூரமும் ஆடிக் கிருத்திகையும் நட்சத்திரத்தால் வருபவை. ஆடி வெள்ளி கிழமையால் வருவது. ஆகவே அது நான்கு முறையோ ஐந்து முறையோ வரும். ஒரே மாதத்துக்குள் தேதி, திதி, நட்சத்திரம், கிழமை என்று நான்கு விதக் கணக்கு. நமக்குப் பழகிப்போனதால் இடறுவதில்லை. வெளியூர்க்காரருக்கு இந்த நான்கும் 'ஆடியில் வரும் ஏதோ ஒரு நாள்' என்று ஒன்றாகத் தெரிகின்றன. அதனால்தான் "சென்ற ஆண்டு ஜூலை 22, இந்த ஆண்டு ஆகஸ்ட் 7; ஆனால் ஆடிப்பெருக்கு மட்டும் ஏன் நகர்வதில்லை?" என்ற கேள்வி வருகிறது. முகவரியைச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இப்போது என் தாளில் ஆடிப்பூரத்துக்கு இருக்கும் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உள்ள ஆடி மாதத்தில், நிலா பூரம் என்ற நட்சத்திரத்தில் நிற்கும் நாள். ஆண்டாள் பிறந்த நட்சத்திரம் அது. தேர் காலையில். இரவில் மெல்லிய பிறைதான் இருக்கும்.' நட்சத்திரம் என்பதற்கு ஸ்டார் என்று மட்டும் போட்டால், வானத்தில் ஒரு விண்மீன் அன்று பளிச்சிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்றே கேட்டார். நிலா வானத்தைச் சுற்றிவரும் பாதையை 27 பங்காகப் பிரித்திருக்கிறோம், ஒவ்வொரு பங்குக்கும் அங்குள்ள விண்மீனின் பெயர், நிலா ஒரு பங்கைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் என்று சொன்ன பிறகுதான் அவர் தலையாட்டினார். அதனால் 'அந்த நட்சத்திரம் தெரியும் நாள்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, 'நிலா அங்கே நிற்கும் நாள்' என்று எழுதப் பழகிக்கொண்டேன்.

எந்த நட்சத்திரத் திருவிழா முழு நிலாவில் வரும், எது வராது? பஞ்சாங்கம் கையில் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். நம் மாதப் பெயர்களே நட்சத்திரப் பெயர்களிலிருந்து வந்தவை. எந்த நட்சத்திரத்தின் அருகே முழு நிலா வருகிறதோ அதன் பெயர்தான் அந்த மாதத்துக்கு. சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். ஆகவே மாதமும் நட்சத்திரமும் இப்படி ஜோடி சேர்ந்திருந்தால் அது முழு நிலாவை ஒட்டிய நாள். வைகாசி விசாகம், தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாம் இந்த ஜோடிகளே. மார்கழித் திருவாதிரை ஜோடி இல்லை. ஆனால் மார்கழிக்கு உரிய மிருகசீரிடத்துக்கு அடுத்த நட்சத்திரம், அதனால் அதுவும் முழு நிலாப் பக்கமே விழுகிறது.

ஜோடி சேராதவற்றுக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆடியில் சூரியன் கடகத்தில். பூரமோ அடுத்த ராசியான சிம்மத்தில். சூரியனுக்கு ஒரு வீடு தள்ளி நிலா நிற்கிறது என்றால், அமாவாசை முடிந்து சில நாள்தான் ஆகியிருக்க வேண்டும். எந்த ஆண்டை எடுத்தாலும் ஆடிப்பூரம் வளர்பிறைத் தொடக்கத்துப் பிறைதான்; முழு நிலாவாக இருக்க வழியே இல்லை. ஆடிக் கிருத்திகை சூரியனுக்குப் பின்னால் விழுவதால் அது தேய்பிறை; நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் நிலா எழும். எங்கள் ஊர் ஆவணி மூலம் அரை நிலாவுக்கும் முழு நிலாவுக்கும் நடுவில். இந்தச் சின்னக் கணக்கை முன்பே போட்டிருந்தால் அந்த மனிதர் மாடியில் கால் கடுக்க நின்றிருக்க மாட்டார்.

ஜோடி சேர்ந்தாலும் 'முழு நிலாவை ஒட்டி' என்றுதான் எழுதுகிறேன். 'முழு நிலா அன்று' என்று எழுதுவதில்லை. அதே 2024-இல் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ஆம் தேதி ஏற்றப்பட்டது. பௌர்ணமி திதி தொடங்கியதே மறுநாள் மாலைதான். தீபம் நட்சத்திரத்தைப் பார்த்தது, கிரிவலக் கூட்டம் திதியைப் பார்த்தது. ஒரே ஊர், இரண்டு கணக்கு. தீபத்துக்குப் போகிறவர் பௌர்ணமி தேதியை இணையத்தில் பார்த்து அறை எடுத்தால், மலை மேல் எரிவதைப் பார்க்கலாம், ஏற்றும் நொடியைத் தவறவிட்டிருப்பார். கார்த்திகை என்ற சொல்லே ஆங்கிலத்தில் ஒரு தொல்லை. மாதமும் அதுதான், நட்சத்திரமும் அதுதான், திருநாளும் அதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது மாதத்துக்கும் நட்சத்திரத்துக்கும் அந்தந்த அடைமொழியைப் போட்டுவிடுகிறேன்; விளக்கேற்றும் நாளைத் 'தீபம்' என்ற சொல்லாலேயே குறிக்கிறேன்.

அந்த மாதத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஹைதராபாத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று, கார்த்திகை மாதம் பிறந்துவிட்டது என்று நவம்பர் தொடக்கத்திலேயே வந்து இறங்கியது. அவர்களுக்கு அது சரிதான். தெலுங்கு நாட்டில் மாதம் நிலாவைக்கொண்டு எண்ணப்படுகிறது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கார்த்திக மாசம். நம் கார்த்திகை சூரியன் விருச்சிகத்துக்குள் போகும்போது, நவம்பர் நடுவில்தான் பிறக்கும். சித்திரைக்கும் இதே கதை. வெளிநாட்டவர் 'சைத்ர' என்று தேடிப் பார்த்துவிட்டு மார்ச் இறுதி என்று சொல்வார்கள். ஆகவே எங்கள் தாளின் மேல் வரியிலேயே, இவை சூரிய மாதங்கள், ஒவ்வொன்றும் ஆங்கில மாதத்தின் நடுவில் தொடங்குகிறது என்று எழுதிவிட்டேன். 'ஆடி என்றால் ஜூலை' என்று ஒற்றைச் சொல்லில் பெயர்ப்பது மிக வசதியாகத் தோன்றும். ஆடியின் பாதி ஆகஸ்டில் இருக்கிறது என்பதால் பாதிப் பேர் திருவிழாவைத் தவறவிடுவார்கள்.

சூரிய மாதம் என்றாலே தேதி நகராது என்று நினைத்தும் ஒருமுறை பட்டிருக்கிறேன். பொங்கல் ஜனவரி 14 என்று நிரந்தரமாக அச்சடித்து வைத்திருந்தேன். 2023-இல் அதை நம்பி ஒரு தம்பதி, 14-ஆம் தேதி அவனியாபுரம் ஜல்லிக்கட்டைப் பார்த்துவிட்டு அன்றிரவே ரயிலேறும்படி டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு 14-ஆம் தேதி போகி. பொங்கலும் அவனியாபுரமும் 15. காரணம் இதுதான்: சூரியன் மகரத்துக்குள் நுழையும் நேரம் மாலை மறைவதற்கு முன்பு என்றால் அன்றே மாதப்பிறப்பு, மறைந்த பின் என்றால் மறுநாள். 2023-இல் அது 14-ஆம் தேதி இரவில் நுழைந்தது. 2025-இல் 14-ஆம் தேதி காலையிலேயே நுழைந்துவிட்டதால் பொங்கல் 14. நுழையும் நேரம் ஆண்டுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகத் தள்ளிப்போகும். ஆங்கில ஆண்டின் பிப்ரவரி 29 அதைத் திரும்ப இழுக்கும். விஷுவுக்குக் கேரளத்தில் வேறு விதி வைத்திருப்பதால்தான் 2022-இல் நமக்கு ஏப்ரல் 14 புத்தாண்டு, அவர்களுக்கு விஷு 15. இப்போது '14 அல்லது 15, அந்த ஆண்டு நாள்காட்டியைப் பார்க்கவும்' என்றுதான் எழுதுகிறேன். பார்ப்பதற்கு அழகில்லாத வரிதான். ரயில் டிக்கெட்டைக் காப்பாற்றுகிறது.

திதியை விளக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அகராதியில் லூனார் டே என்று இருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். திதி அப்படியில்லை. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை நிலா சூரியனைவிட்டு விலகிச் செல்லும் தூரத்தை முப்பது படிகளாக வெட்டியிருக்கிறோம். பதினைந்து ஏறும் படி, பதினைந்து இறங்கும் படி. நிலாவின் வேகம் சமமாக இல்லாததால் ஒரு படி 19 மணி நேரத்திலும் முடியும், 26 மணி நேரமும் ஆகும். பிற்பகல் இரண்டே காலுக்குத் தொடங்கும், மறுநாள் ஒரு மணிக்கு முடியும். நாங்கள் விருந்தினர்களிடம் படி என்ற இந்தப் படத்தையே சொல்கிறோம். தினசரித் தாளில் 'மாலை 4.10 வரை சதுர்த்தி, பின்பு பஞ்சமி' என்ற மாதிரி வரியைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

நாள் சரியாக இருந்தாலும் வேளை தப்பலாம். தீபாவளிக்கு அறை எடுத்தவர்களில் பலர் மாலையில் விளக்கு வரிசை பார்க்க வருகிறார்கள். வடக்கே பார்த்த நினைவு. நம் வீட்டுத் தீபாவளி விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியலோடு தொடங்கி, இட்லி சாப்பிடும்போதே பாதி முடிந்துவிடும். 'முந்தின இரவே வந்து தங்கவும், காலை நான்கு மணிக்கு எழுப்புவோம்' என்று எழுதிய பிறகுதான் அவர்களுக்குத் தீபாவளி கிடைத்தது.

திதியையும் சூரிய மாதத்தையும் சேர்த்துக் கட்டிய பண்டிகை ஒன்று என்னை ஓர் ஆண்டு பொய்யனாக்கப் பார்த்தது. 2024-க்கான வைகுண்ட ஏகாதசித் தேதியைக் கேட்டு முன்கூட்டியே ஒரு பெண்மணி கடிதம் எழுதினார். நாள்காட்டியை இரண்டுமுறை புரட்டினேன். அந்த ஆங்கில ஆண்டில் அந்த நாளே இல்லை. 2023-இல் ஜனவரி 2 ஒன்று, டிசம்பர் 23 ஒன்று. அடுத்தது 2025 ஜனவரி 10-இல்தான். அதே ஆண்டு டிசம்பர் 30-இல் மறுபடியும். மார்கழி மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவது. அதற்குள் வரும் வளர்பிறை ஏகாதசி ஆங்கில ஆண்டின் எல்லைக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே விஷயம். 'மார்கழிக்கு ஒரு ஏகாதசி, ஆங்கில ஆண்டுக்கு ஒன்று அல்ல' என்று பதில் எழுதினேன். அவர் 2025 ஜனவரியில் வந்து சொர்க்கவாசல் வரிசையில் நின்றார்.

எழுத்துக்கூட்டலால் வந்த வேடிக்கைகளும் உண்டு. தை மாதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அது தாய்லாந்தைச் சொல்லும் சொல்லாகிவிடுகிறது. தைப்பொங்கல் என்பதைப் பார்த்து, பாங்காக்கில் செய்யும் பொங்கலா என்று கேட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். 'தமிழ் மாதத்தின் பெயர், கழுத்தில் கட்டும் டையைப்போல் ஒலிக்கும்' என்று ஒரு வரி சேர்த்தேன். தகரம் போய் டகரம் வருகிறதே என்று என் மகள் முகம் சுளித்தாள். தாய்லாந்துக்கு இது மேல் என்று விட்டுவிட்டேன்.

ஆடியை 'இன்ஆஸ்பிஷியஸ்' மாதம் என்று பெயர்த்தது இன்னொரு தவறு. அதைப் படித்த வயதான தம்பதி, கெட்ட காலத்தில் வந்து உங்களைத் தொந்தரவு செய்கிறோமா என்று வாசலில் நின்று கேட்டார்கள். பின்னால் தெருவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நாம் ஆடியில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறோம், கோயிலையா தள்ளிவைக்கிறோம்? இப்போது, 'திருமணமும் புதுமனை புகுவதும் இந்த மாதத்தில் வைப்பதில்லை. அம்மன் கோயில்கள் ஆண்டிலேயே அதிகம் களைகட்டும் மாதம் இது' என்று செயலைச் சொல்கிறேன். ராகு காலத்துக்கும் அதே வழி. நல்லது கெட்டது என்று அளக்காமல், 'ஒவ்வொரு கிழமைக்கும் ஒன்றரை மணி நேரம், புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு' என்றால் முடிந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வண்டிக்காரர் ஏன் பத்து இருபதுக்கே கிளம்பச் சொல்லி அவசரப்படுத்துகிறார் என்பதும் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு மட்டும் இன்னும் ஒழுங்கான ஒரு வரி எனக்கு அமையவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கொடியேற்றம். 2024-இல் ஏப்ரல் 23-இல் அழகர் இறங்கினார். மீனாட்சி கோயிலில் கொடி ஏறியதோ 12-ஆம் தேதி, பங்குனி முடியாதபோதே. 'சித்திரை மாதத்தில் நடப்பது' என்று எழுதினால் பொய், எழுதாவிட்டால் பெயருக்குப் பொருள் இல்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். "பௌர்ணமி சித்திரையில் விழுகிறதா? அப்புறம் என்ன?" என்றார். அதையே ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெல்ஜியத்துக்காரர் மறுபடியும் எழுதியிருக்கிறார். வைகாசி விசாகத்துக்கு வர வேண்டுமாம். நிலா எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு கேள்வி. வைகாசிக்கு விசாகம் ஜோடி; முழு நிலாவை ஒட்டித்தான் வரும், ஒரு நாள் முன்பின் இருக்கலாம் என்று எழுதினேன். இந்தமுறை அனுப்புவதற்கு முன் நாள்காட்டியைப் பெரியம்மாவிடம் நீட்டினேன்.